கால் விலையிலிருந்து புட் விலை

ஒரே பங்கு, ஒரே ஸ்ட்ரைக் விலை, ஒரே முடிவு நாள் என்று அமைந்த கால் ஆப்ஷனின் விலையும் புட் ஆப்ஷனின் விலையும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஒன்று தெரிந்தால் மற்றதைக் கூட்டல் கழித்தலிலேயே கண்டுபிடித்துவிடலாம். பங்கு ஏறுமா இறங்குமா என்று கணிக்க வேண்டியதில்லை. இந்தப் பிணைப்புக்குப் புட்-கால் சமநிலை என்று பெயர். வணிகர்கள் நெடுநாளாகக் கையாண்டுவந்த இதை, 1969-ல் ஹான்ஸ் ஸ்டோல் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்.

கால் ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை. புட் ஆப்ஷன் என்பது அதே விலைக்கு விற்கும் உரிமை. அந்தக் குறித்த விலைதான் ஸ்ட்ரைக். உரிமையைப் பெறக் கொடுக்கும் பணம் பிரீமியம். முடிவு நாளில் மட்டுமே உரிமையைப் பயன்படுத்த முடியுமானால் அது ஐரோப்பிய வகை. இடையில் எந்த நாளிலும் முடியுமானால் அமெரிக்க வகை. இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தையில் தனிப் பங்குகளின் ஆப்ஷன்கள் முதலில் அமெரிக்க வகையாக இருந்து, 2011 ஜனவரியில் ஐரோப்பிய வகைக்கு மாறின. சமநிலை துல்லியமாகப் பொருந்துவது ஐரோப்பிய வகைக்குத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. பங்கின் இன்றைய விலை 500 ரூபாய். ஸ்ட்ரைக் 520 ரூபாய். முடிவு நாளுக்கு மூன்று மாதம் இருக்கிறது. கால் ஆப்ஷனின் பிரீமியம் 18 ரூபாய். அதே ஸ்ட்ரைக்கில் புட் என்ன விலை போக வேண்டும்?

இந்த மூன்று விலைகள் மட்டும் போதாது. வட்டி வீதமும் வேண்டும். ஸ்ட்ரைக் தொகையான 520 ரூபாய் கைமாறுவது இன்றல்ல, மூன்று மாதம் கழித்து. ஆண்டுக்கு 8 சதவீத வட்டி என்றால் மூன்று மாதத்துக்கு 2 சதவீதம். 520-ஐ 1.02-ஆல் வகுத்தால் 509.80. இன்று 509.80 ரூபாயை வட்டிக்குப் போட்டால் முடிவு நாளில் 520 ரூபாயாகத் திரும்பும் என்பதே இதன் பொருள்.

இப்போது இருவரை எண்ணிக்கொள்ளலாம். முதலாமவர் ஒரு கால் ஆப்ஷனை வாங்கி, 509.80 ரூபாயை வட்டிக்குப் போடுகிறார். இரண்டாமவர் ஒரு பங்கையும் ஒரு புட் ஆப்ஷனையும் வாங்கி வைத்திருக்கிறார்.

முடிவு நாளில் பங்கு 600 ரூபாய்க்கு ஏறியிருந்தால், முதலாமவருக்குக் கால் ஆப்ஷனில் 80 ரூபாயும் வட்டிக்குப் போட்டதில் 520 ரூபாயும் சேர்ந்து 600 கிடைக்கும். இரண்டாமவரின் புட் பயனற்றுப் போகும்; ஆனால் அவரிடமுள்ள பங்கின் மதிப்பும் 600. பங்கு 450-க்கு இறங்கியிருந்தால், முதலாமவரின் கால் ஆப்ஷன் வீண், கையில் 520. இரண்டாமவர் 450 ரூபாய்ப் பங்கைப் புட்டின் உரிமையால் 520-க்கு விற்றுவிடுவார். அவர் கையிலும் 520.

பங்கு எங்கே போய் நின்றாலும் இருவர் கையிலும் ஒரே தொகை. முடிவில் சமமாக இருப்பவை தொடக்கத்திலும் சமமான விலைக்குக் கிடைக்க வேண்டும். ஆகவே கால் விலையும் ஸ்ட்ரைக்கின் இன்றைய மதிப்பும் சேர்ந்தது, பங்கு விலையும் புட் விலையும் சேர்ந்ததற்குச் சமம். புட்டை மட்டும் தனியே நிறுத்தினால்:

P = C − S + K / (1 + rT)

P புட் விலை, C கால் விலை, S பங்கு விலை, K ஸ்ட்ரைக், r ஆண்டு வட்டி, T ஆண்டுக் கணக்கில் மீதமுள்ள காலம். எண்களைப் போட்டால் 18 − 500 + 509.80, அதாவது 27.80 ரூபாய். வட்டியை மறந்து 520-ஐ அப்படியே போட்டால் 38 ரூபாய் என்று வரும். இந்தக் கணக்கில் அதிகம் நேரும் பிழை இதுதான்.

பங்கு எவ்வளவு ஆட்டம் காணும் என்ற கேள்வியே சூத்திரத்தில் இல்லை. அந்த எதிர்பார்ப்பு ஏற்கெனவே கால் விலைக்குள் அடங்கியிருக்கிறது. அங்கிருந்து அது புட் விலைக்கு வந்துசேர்கிறது.

சந்தையில் புட் 32 ரூபாய்க்கு விலைபோனால் என்ன ஆகும்? ஒருவர் புட்டை 32-க்கு விற்று, பங்கை இரவல் வாங்கி 500-க்கு விற்று, கால் ஆப்ஷனை 18-க்கு வாங்குவார். கையில் மிஞ்சும் 514 ரூபாய் மூன்று மாத வட்டியோடு 524.28 ஆகும். முடிவு நாளில் பங்கு ஏறியிருந்தால் கால் ஆப்ஷனைப் பயன்படுத்தி அவரே 520-க்கு வாங்குவார். இறங்கியிருந்தால், புட்டை வாங்கியவர் அவர் தலையில் 520-க்குப் பங்கைக் கட்டுவார். எப்படியும் 520 கொடுத்து ஒரு பங்கு கைக்கு வரும். அதை இரவல் கொடுத்தவரிடம் திருப்பிவிடலாம். மீதி 4.28 ரூபாய், எந்த விலை ஆபத்தும் இல்லாத லாபம். பலரும் இதையே செய்யப் புகும்போது புட் விலை இறங்கி 27.80-ஐ நெருங்கும்.

ஆனால் அப்படி ஓர் இடைவெளி கண்ணில் பட்டதும் முதலில் பார்க்க வேண்டியது டிவிடெண்ட். அந்த நிறுவனம் ஒன்றரை மாதம் கழித்துப் பங்குக்கு 5 ரூபாய் டிவிடெண்ட் தருவதாக இருந்தால் கணக்கே மாறும். பங்கை வைத்திருப்பவருக்கு அது கிடைக்கும். கால் ஆப்ஷன் வைத்திருப்பவருக்குக் கிடைக்காது. எனவே அதன் இன்றைய மதிப்பான 4.95 ரூபாயைப் புட் விலையோடு கூட்ட வேண்டும். சரியான விலை 32.75. அதிகமாகத் தோன்றிய 32 ரூபாய் உண்மையில் சற்றுக் குறைவு. முன் சொன்ன வணிகர் இரவல் வாங்கிய பங்கின் டிவிடெண்டைத் தன் பையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். 4.28 ரூபாய் லாபம் 77 காசு நஷ்டமாகிவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது விலைகளின் நேரம். திரையில் தெரியும் கால் விலை காலையில் நடந்த கடைசி வியாபாரமாகவும், பங்கு விலை இந்த நொடியுடையதாகவும் இருக்கலாம். பங்கு 506-க்குப் போன பிறகு பழைய 18 ரூபாயைப் போட்டால் புட் 21.80 என்று தவறாக வரும். அதனால் கடைசி விலையை விட்டு, அப்போது நிற்கும் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் எடுப்பதே முறை. கால் ஆப்ஷனை வாங்குவோர் 17.50 என்றும் விற்போர் 18.50 என்றும் கேட்டால், புட்டின் விலை 27.30-க்கும் 28.30-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அந்த எல்லைக்குள் உள்ள வேறுபாட்டில் லாபம் எடுக்க முடியாது.

பங்கை இரவல் வாங்குவது கடினமான இடத்தில் பங்கு விலைக்குப் பதிலாக அதே முடிவு நாளுக்குரிய ஃபியூச்சர் விலையை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். ஸ்ட்ரைக்கிலிருந்து ஃபியூச்சர் விலையைக் கழித்து, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, கால் விலையோடு கூட்ட வேண்டும். ஃபியூச்சர் 510 என்றால் 10-ஐ 1.02-ஆல் வகுத்து 9.80, அதோடு 18 சேர்ந்தால் அதே 27.80. டிவிடெண்டும் வட்டியும் ஃபியூச்சர் விலையிலேயே அடங்கியிருப்பதால் இந்த வழியில் பிழைக்கு இடம் குறைவு.

அமெரிக்க வகை ஆப்ஷனுக்கு இந்தச் சமன்பாடு ஒரே விடையைத் தராது. புட் வைத்திருப்பவர் முன்கூட்டியே விற்று 520 ரூபாயைப் பெற்று வட்டி ஈட்டலாம். அந்தச் சலுகைக்கும் ஒரு விலை உண்டு. டிவிடெண்ட் இல்லாத நிலையில், நம் எடுத்துக்காட்டின் அமெரிக்க வகைப் புட் 27.80 ரூபாய்க்குக் குறையாது, 38 ரூபாயைத் தாண்டாது. அந்த இடைவெளிக்குள் சரியான விலையைச் சொல்ல, பங்கின் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் கொள்ளும் வேறு முறைகள் தேவை.