தண்ணீர்த் தொட்டியும் மின்சார மீட்டரும்

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி நிற்கும் அனல்மின் நிலையத்தில் முதல் இயந்திரம் 1979-இல் ஓடத் தொடங்கியது. அதன் திறன் 210 மெகாவாட், அதாவது 21 கோடி வாட். வாட் என்றால் என்ன?

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி உயர உயர, குழாயில் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும். அந்த அழுத்தம்தான் வோல்ட். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். குழாயில் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வாட்.

வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் 2000 வாட் என்று வைத்துக்கொள்வோம். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 ஆம்பியர். அதை 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால்? சின்னக் குழாயில் அளவுக்கு மீறித் தண்ணீரைத் திணிப்பது போலத்தான். ஆனால் இங்கே குழாய் வெடிக்காது, கம்பி சூடேறும். பிளக் தொட்டால் சுடும், பழுப்பேறும், பிளாஸ்டிக் கருகும் வாடை வரும்.

யூனிட் என்பது தொட்டியிலிருந்து மொத்தம் எவ்வளவு செலவானது என்ற கணக்கு. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இந்த ஹீட்டர் அரை மணி நேரத்திலேயே அதைத் தீர்த்துவிடும். 10 வாட் எல்இடி பல்புக்கோ 100 மணி நேரம் ஆகும்.

ஹீட்டரை 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் செருகுங்கள்.