கடிதத்தைப் பிரிக்காமல் விட்டால் காசு போகும்

2020 மே மாதம். ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் இருந்தபோது, ரிலையன்ஸ் பங்கு வைத்திருந்தவர்களின் டீமேட் கணக்கில் அவர்கள் வாங்காத ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. ரிலையன்ஸ் பெயர்தான், பக்கத்தில் 'ஆர்.இ.' என்ற ஒட்டு. போனஸ் பங்கு என்று நினைத்துச் சிலர் மகிழ்ந்தார்கள். அது பங்கு அல்ல. புதிய பங்கைக் குறித்த விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமை.

நிறுவனம் புதிதாகப் பங்கு விற்றுப் பணம் திரட்டும்போது, ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களிடம் அவரவர் கைவசம் உள்ள அளவுக்கேற்ப முதலில் நீட்டுவதே 'ரைட்ஸ் இஷ்யூ'. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 62-ஆவது பிரிவில் இதற்கு இடம் இருக்கிறது. விலை பெரும்பாலும் சந்தை விலையைவிடக் குறைவாகவே வைக்கப்படும். இல்லாவிட்டால் யார் வாங்குவார்கள்?

இந்த 'மலிவு' யார் கொடுப்பது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 2019 ஏப்ரலில் வோடஃபோன் ஐடியா 25,000 கோடி ரூபாய் திரட்டியது. 38 பங்கு வைத்திருந்தவர் மேலும் 87 பங்கு வாங்கலாம், விலை 12 ரூபாய் 50 காசு. கணக்குக்காக, அதற்கு முன் பங்கு விலை 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 38 பங்கின் மதிப்பு 1,140 ரூபாய். 87 பங்குக்குக் கட்டுவது 1,087 ரூபாய் 50 காசு. இரண்டையும் கூட்டி 125 பங்கால் வகுத்தால், ஒரு பங்கு 17 ரூபாய் 82 காசு. வெளியீட்டுக்குப் பின் சந்தை விலை ஏறத்தாழ இந்த அளவுக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

பணம் கட்டியவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பழைய பங்கில் இழந்தது புதிய பங்கில் திரும்பிவிடுகிறது. பேசாமல் இருந்தவரின் 38 பங்கோ 677 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. நிறுவனத்தில் அவருடைய பங்கு விகிதமும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. ஆக, தள்ளுபடி நம் சட்டைப்பையிலிருந்தே எடுக்கப்படுகிறது. உரிமையைப் பயன்படுத்துபவருக்கு மட்டுமே அது திரும்பி வருகிறது.

அப்படியானால் கட்டாயம் கட்ட வேண்டுமா? அதுவும் இல்லை. அதே வோடஃபோன் ஐடியாவில் பணம் போட்டவர்கள், அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பாக்கி பற்றித் தீர்ப்பளித்த பிறகு, 12 ரூபாய் 50 காசுப் பங்கு 4 ரூபாய்க்கும் கீழே போனதைப் பார்த்தார்கள். நிறுவனத்தில் நம்பிக்கை இல்லாதவர் மேலும் பணத்தைக் கொட்டத் தேவையில்லை. அவருக்கு மூன்றாவது வழி இருக்கிறது: உரிமையையே விற்றுவிடலாம்.

முன்பு இதற்குத் தாள் படிவத்தோடு அலைய வேண்டியிருந்தது. 2020 ஜனவரியில் செபி விதியை மாற்றி, உரிமையை டீமேட் கணக்கில் வரவு வைத்துச் சந்தையிலேயே விற்க வழி செய்தது. ரிலையன்ஸ் அதன் முதல் பெரிய சோதனை. 53,125 கோடி ரூபாய் திரட்டல். 15 பங்குக்கு ஓர் உரிமை. விலை 1,257 ரூபாய். அதில் கால் பங்கான 314 ரூபாய் 25 காசை மட்டும் முதலில் கட்டினால் போதும், மீதி 2021-இல் இரண்டு தவணை.

150 பங்கு வைத்திருந்தவருக்கு 10 உரிமை கிடைத்தது. முதல் நாளில் ஓர் உரிமை சுமார் 212 ரூபாய்க்கு முடிந்தது. பங்கு விலையோ சுமார் 1,430. இரண்டு விலைக்கும் வித்தியாசம் 173 ரூபாய்தானே, உரிமைக்கு ஏன் கூடுதல் விலை? முக்கால் பங்குப் பணத்தைப் பிறகு கட்டலாம் என்ற வசதிக்கும் சந்தை விலை வைத்தது. விற்றிருந்தால் அவருக்கு 2,100 ரூபாய்க்கு மேல் கிடைத்திருக்கும். வாங்க நினைத்திருந்தால் அப்போதைக்கு 3,142 ரூபாய் 50 காசு போதும். சும்மா இருந்தால் பூஜ்யம்.

தேதிதான் கண்ணி. மே 20 முதல் ஜூன் 3 வரை விண்ணப்பிக்கலாம். சந்தையில் உரிமை விற்பனையோ மே 29-ஆம் தேதியே முடிந்துவிட்டது. சந்தையில் உரிமையை வாங்கியவர்களுக்கும் இதே கண்ணிதான். 212 ரூபாய் கொடுத்ததோடு ரிலையன்ஸ் பங்கு கைக்கு வந்துவிட்டது என்று இருந்துவிட்டால், கொடுத்த பணமும் போகும். விண்ணப்பித்து வெளியீட்டு விலையையும் கட்டினால்தான் பங்கு.

உரிமையைக் காலாவதியாக விடுவது சரி என்று சொல்ல ஒரே ஒரு சூழ்நிலைதான் உண்டு: சந்தை விலை வெளியீட்டு விலைக்குக் கீழே விழுந்து, உரிமையை வாங்க ஆளே இல்லாமல் போவது. அப்போது பங்கு வேண்டுமென்றால் சந்தையிலேயே மலிவாக வாங்கலாம். மற்ற நேரங்களில் கணக்கில் 'ஆர்.இ.' தெரிந்த அன்றே, விற்பனை முடியும் தேதி, விண்ணப்பம் முடியும் தேதி இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தேதிக்குள் முடிவெடுத்தால்தான் விற்கும் வழி கையில் இருக்கும்.