கட்டுக்கம்பியால் கட்டிய கேபிள்

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை எட்டரை மணிக்கு மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது. புறநகரில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு மாடி வீடு அது. தரைத்தளம் முடிந்து, முதல் மாடியில் தூண்களுக்குக் கம்பி நிறுத்தியிருந்தார்கள். கட்டுமானத்துக்கென வாங்கிய தற்காலிக சர்வீஸுக்கு மீட்டருக்குப் பிறகான வயரிங்கைச் செய்து கொடுத்தது நான்.

"மூணு தடவை தூக்கி விட்டுட்டேன் சார், நிக்க மாட்டேங்குது. அந்த ஈஎல்சிபியைக் கழட்டிட்டு லைனை நேரா குடுத்துடுறேன். மழையெல்லாம் முடிஞ்சதும் மாட்டிக்கலாம்."

மழை முடிந்தபின் மாட்டிக்கொள்ளலாமாம். நான் வரும்வரை எதையும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்த போர்டில் இருந்தவை எல்லாச் சின்னக் கட்டுமான இடங்களிலும் இருக்க வேண்டியவைதான். மீட்டர், மெயின் சுவிட்ச், அதையடுத்து எல்லோரும் ஈஎல்சிபி என்றே அழைக்கும் ஆர்சிசிபி, பிறகு 16 ஆம்பியர் எம்சிபி இரண்டு. எம்சிபி இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று வீட்டுக்காரர்கள் கேட்பதுண்டு. இரண்டும் செய்வது வேறு வேறு வேலை. எம்சிபி காப்பது வயரை. அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால், வயர் சூடாகித் தீப்பிடிக்கும் முன் அது விழும். ஆளுக்கு ஷாக் அடிப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

கணக்கைப் பாருங்கள். நனைந்த கையும் சேறான காலுமாக நிற்கும் ஒருவரின் உடல், கரண்டுக்குக் காட்டும் தடை சுமாராக 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230 வோல்ட் அவர் வழியாக மண்ணுக்கு இறங்கினால், ஓடுவது 230 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டியது சில நொடி நீடித்தாலே இதயத் துடிப்பு குலையும் ஆபத்து வந்துவிடுகிறது. 16 ஆம்பியர் எம்சிபிக்கோ 16,000 மில்லி ஆம்பியர் வரை கவலையே இல்லை. ஒரு மின்விளக்கு எரிவதாகத்தான் அது நினைத்துக்கொண்டிருக்கும்.

"எர்த் போட்டிருக்கிறோமே" என்பது அடுத்த கேள்வி. எர்த் அவசியம்தான், ஆனால் அது மட்டும் போதாது. கட்டுமான இடத்தில் அவசரமாக அடித்த ஒரு எர்த் கம்பியின் தடை 20 ஓம் இருப்பது சாதாரணம். மிக்சர் மோட்டாரின் உள்ளே பேஸ் வயர் உரசி இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டால், அந்த எர்த் வழியாக ஓடுவது 11 ஆம்பியர் அளவில்தான். எம்சிபி அப்போதும் விழாது. மிக்சரின் உடம்பு கிட்டத்தட்ட முழு வோல்டேஜில், எர்த் வயரும் சேர்ந்தே, நின்றுகொண்டிருக்கும். அதன் கைப்பிடியைத்தான் ஒருவர் வந்து பிடிப்பார்.

ஆர்சிசிபி கரண்ட் எவ்வளவு போகிறது என்று பார்ப்பதில்லை. பேஸில் போனது நியூட்ரலில் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. போனதில் 30 மில்லி ஆம்பியர் குறைந்து வந்தால், அந்த மிச்சம் வேறெங்கோ மண்ணுக்கு இறங்குகிறது என்று பொருள். கண்ணிமைப்பதற்குள் இணைப்பை வெட்டிவிடும். அது மூன்று தடவை விழுந்தது என்றால், மூன்று தடவை உண்மையைச் சொன்னது.

அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், போன கரண்ட் முழுதும் திரும்பி வருகிறது. மண்ணுக்கு எதுவும் இறங்காததால் ஆர்சிசிபி சும்மா இருந்துவிடும்.

போய் இறங்கியதும் கீழே இருந்த பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னேன். எம்சிபியை இறக்கினால் போதாதா என்றார் உதவிக்கு வந்த பையன். ஒற்றை எம்சிபி பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் அப்படியே இருக்கும், கசிவு நியூட்ரலிலும் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கினால்தான் சந்தேகம் தீரும். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகு ஆர்சிசிபியைத் தூக்கினேன், நின்றது. அப்படியானால் போர்டுக்குள் கோளாறில்லை. கட்டிங் மெஷினை மாட்டினோம், நின்றது. தண்ணீர் மோட்டாரை மாட்டினோம், நின்றது. மாடிக்குப் போகும் நீள எக்ஸ்டென்ஷனை மாட்டியதும் டப்பென்று விழுந்தது. அதன் மறுமுனையில் எந்தக் கருவியும் மாட்டியிருக்கவில்லை. ஆக, கசிவது கேபிள்தான்.

பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, கேபிளைக் கையால் தடவிக்கொண்டே மேலே ஏறினேன். முதல் மாடித் தூணுக்கு நிறுத்திய கம்பிக்கூட்டில் கிடைத்தது. தொங்கி இடைஞ்சல் செய்கிறதே என்று யாரோ கேபிளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் இறுக்கி முறுக்கியிருந்தார்கள். கம்பி கட்டுகிறவர் கையில் எப்போதும் இருப்பது அதுதானே. காற்றில் கேபிள் ஆட ஆட, கட்டுக்கம்பி ரப்பரை அறுத்து உள்ளே இறங்கியிருக்கிறது. வெயில் நாளில் அது ஒன்றும் செய்யவில்லை. இரவு மழைத் தண்ணீர் அந்த வெட்டுக்குள் புகுந்ததும், செம்புக்கும் தூண் கம்பிக்கும் வழி கிடைத்துவிட்டது.

மேஸ்திரி கேட்டபடி நேராகக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தூண் கம்பியும் ஸ்லாப் கம்பியும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. மொத்தக் கம்பியும் பேஸோடு சேர்ந்திருக்கும். அஸ்திவாரக் கான்கிரீட் வழியாக ஈர மண்ணுக்குச் சில ஆம்பியர் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். எம்சிபி வாய் திறந்திருக்காது. கீழே ஈரத் தரையில் நின்று, நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியைப் பிடிப்பவர்தான் முதலில் தெரிந்துகொண்டிருப்பார். நான் சொல்லி முடித்ததும் மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. இடுப்பிலிருந்த கொறடை எடுத்து அந்தக் கட்டுக்கம்பியை வெட்டினார்.

கேபிளை அறுபடாமல் கொண்டுபோவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரும்பைத் தொடாமல், ஆளுக்கு மேலே, சவுக்கு மரத்திலோ மூங்கிலிலோ நைலான் கயிற்றில் தொங்கவிட வேண்டும். முறுக்கிக் கட்டாமல் தளர்வான சுருக்கில் தொங்க வேண்டும். மணல் லாரி வரும் பாதையைக் கடந்தே ஆகவேண்டும் என்றால், கனமான பைப்புக்குள் விட்டு மண்ணுக்குள் புதைப்பது ஒரு வழி, லாரியின் உயரத்துக்கும் மேலே தூக்குவது இன்னொரு வழி. தரையில் கிடக்கும் கேபிள்மேல் ஜல்லி கொட்டிவிட்டால், நசுங்கியது வெளியே தெரியாது. அடுத்த மழையில்தான் தெரியும். இன்னொன்று, மிச்சக் கேபிளைச் சுருட்டி வைத்தபடியே பெரிய கருவியை ஓட்டினால், சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ரப்பர் இளகிவிடும். ஓட்டும்போது முழுதும் பிரித்துப் போட வேண்டும்.

அறுந்த இடத்தைச் சுற்றி டேப் போட்டுவிடலாமா என்று கேட்டார்கள். இன்சுலேஷன் டேப் தண்ணீரைத் தடுக்காது. அதன்மேல் பாலிதீன் பையைக் கட்டினால் இன்னும் மோசம். உள்ளே போன ஈரம் வெளியே வராது. அந்தக் கேபிளை அந்த இடத்தில் துண்டித்து, குட்டையாக இரண்டு எக்ஸ்டென்ஷன் ஆக்கிக் கொடுத்தேன். இரண்டும் சேரும் இடத்தில், மூடியுள்ள நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக்கும் சாக்கெட்டும். 230 வோல்டுக்கு நீலம், மூன்று பேஸுக்குச் சிவப்பு என்று நிறத்திலேயே தெரியும். வீட்டு பிளக்கை விட விலை அதிகம்தான். ஆனால் மழைச்சாரல் அதற்குள் போகாது. சாரலைத்தான் அது தாங்கும். தேங்கிய தண்ணீரில் முழுகக் கிடக்கப் போடக்கூடாது.

மழைக்கு போர்டை வைக்கும் விதத்திலும் ஒரு சின்ன நுட்பம் உண்டு. பெட்டியை நெஞ்சு உயரத்தில், மேலே ஒரு தகரக் கூரையோடு பொருத்தி, எல்லா கேபிளையும் அடிப்பக்கமாக நுழைக்க வேண்டும். நுழைவதற்கு முன் கேபிள் ஒரு சாண் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். கேபிள் வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த வளைவிலேயே சொட்டிவிடும். மேற்பக்கம் துளை போட்ட பெட்டி எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் மழைத்தண்ணீரை நேராக உள்ளே அழைத்துக்கொள்ளும்.

கையில் பிடிக்கும் கருவிகளில் எனக்கு அதிகம் பயம் தருவது டைல்ஸ் போடுகிறவர் வைத்திருக்கும் நாலு அங்குல மார்பிள் கட்டர். தூசி பறக்காமலிருக்க ஒருவர் வெட்ட, இன்னொருவர் மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் தண்ணீர் ஊற்றுவார். அந்தக் கருவியின் மேல் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருக்கும். இரட்டை இன்சுலேஷன் என்பதால் எர்த் தேவையில்லை, இரண்டு வயரே போதும் என்று அதற்குப் பொருள். உலர்ந்த இடத்தில் அது முழு உண்மை. தண்ணீர் காற்றுத் துளை வழியாக உள்ளே போய், கார்பன் தூளோடு கலந்து ஒரு படலமாகிவிட்டால், இரண்டு இன்சுலேஷனையும் அது தாண்டிவிடும். எர்த் வயரும் கிடையாது. தண்ணீர் வழிந்து கைக்கு வருகிறது. அப்போது ஆளுக்கும் 230 வோல்டுக்கும் நடுவே இருப்பது அந்த ஆர்சிசிபி ஒன்றுதான்.

பிரிட்டனில் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். அங்கே கட்டுமானக் கருவிகள் 110 வோல்டில் ஓடுகின்றன. மஞ்சள் டிரான்ஸ்பார்மரின் நடுப்புள்ளியை எர்த் செய்திருப்பதால், ஆளுக்கு அடிக்கக்கூடியது 55 வோல்ட்தான். நமக்கு அந்த வசதி இல்லை. ஆர்சிசிபியை நம்பித்தான் பிழைப்பு.

அதனாலேயே அது அடிக்கடி காரணமில்லாமல் விழுந்து எரிச்சல் மூட்டாதபடி அமைக்க வேண்டும். எரிச்சலானவர் கழற்றிவிடுவார். ஒவ்வொரு கருவியும் நல்ல நிலையிலேயே துளித்துளியாகக் கசியும். நாலைந்து கருவியும் ஈரக் கேபிளும் சேர்ந்தால் அந்தத் துளிகள் கூடிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, 15-ஐத் தாண்டியதிலிருந்தே விழலாம். எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்று போடாமல், இரண்டு மூன்று சாக்கெட்டுக்கு ஒன்றாகப் பிரித்தால், மாடியில் கசிந்தால் மாடி மட்டும் நிற்கும், கீழே வேலை ஓடும். இன்னொரு காரணத்தையும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். நியூட்ரல் அறுந்த கேபிளில் எர்த் வயரையே நியூட்ரலாக மாட்டி மெஷினை ஓட்டிவிடுவார்கள். ஆர்சிசிபி இருந்தால் அது ஓடாது, உடனே விழும்.

பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட் இழுக்கும் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தற்காலிக சர்வீஸில் யூனிட் விலை வீட்டைவிட அதிகம் என்பதால் நடப்பது இது. 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில், அனுமதிக்காத இடத்துக்கோ அனுமதிக்காத வேலைக்கோ பயன்படுத்துவது அங்கீகாரமற்ற பயன்பாடு. கட்டணம் இரட்டிப்பாக வரும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. ஜன்னல் வழியாக வரும் அந்த வயரின் மறுமுனையில் எர்த் இருக்கிறதா, ஆர்சிசிபி இருக்கிறதா என்று இங்கே வேலை செய்யும் ஒருவருக்கும் தெரியாது.

அன்று கிளம்பும் முன், ஆர்சிசிபியின் மேலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திக் காட்டினேன். விழுந்தது. தினமும் காலையில் யார் முதலில் வருகிறாரோ அவர் அழுத்திப் பார்க்கவேண்டும், விழாவிட்டால் வேலை தொடங்கக்கூடாது என்றேன். அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிக்காது, தான் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும் என்பதையும் சொன்னேன். மேஸ்திரி இன்னொரு தடவை தானே அழுத்தினார். பிறகு மாடியைப் பார்த்து, கம்பி கட்டும் ஆட்களிடம் சத்தமாகச் சொன்னார்: "யாருப்பா ஒயர்ல கட்டுக்கம்பி போட்டது? எல்லாத்தையும் அவுத்துட்டுக் கயிறு போடுங்க."