ஆடியில் விற்றது அதிகம், மிஞ்சியது குறைவு

கோயம்புத்தூரில் டேபிள்டாப் கிரைண்டர் செய்யும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். பட்டறை என் கற்பனை, எண்களும் நானே வைத்தவை. ஆனால் இதே கதை ஒவ்வொரு ஆடித் தள்ளுபடிக்குப் பிறகும் ஏதாவதொரு பட்டறையில் நடக்கத்தான் செய்கிறது.

முதலாளி ஆடி மாதத்துக்குப் போட்ட பட்ஜெட் இது. டீலருக்கு ஒரு கிரைண்டர் 4,500 ரூபாய் வீதம் 1,000 கிரைண்டர். கல், மோட்டார், டிரம், பெட்டி, லாரி வாடகை என ஒவ்வொரு கிரைண்டரோடும் கூடவே போகிற செலவு 3,300. ஆக, ஒரு கிரைண்டர் விற்றால் கையில் நிற்பது 1,200 ரூபாய். கணக்குப் புத்தகங்கள் இதைப் ‘பங்களிப்பு’ என்கின்றன. ஆயிரம் கிரைண்டருக்கு 12 லட்சம். அதில் கட்டட வாடகை, மாதச் சம்பளம், வங்கி வட்டி போன்ற நிலையான செலவு 7 லட்சம் போக, லாபம் 5 லட்சம்.

ஆடி முடிந்தது. டீலர்கள் கேட்டதற்கு இணங்கி விலையை 4,200 ஆக்கியிருந்தார்கள். விற்றது 1,200 கிரைண்டர். மொத்த விற்பனை 45 லட்சத்துக்குப் பதில் 50,40,000. சேல்ஸ் மேனேஜர் டீக்கடையில் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். பத்து நாள் கழித்துக் கணக்கு வந்தது. லாபம் 3,80,000.

“ஏனுங்க, அஞ்சே கால் லட்சத்துக்கு மேல வியாபாரம் கூடியிருக்குது. லாபம் மட்டும் ஒண்ணேகால் லட்சத்துக்குக் கிட்ட எப்படிங்க கொறையும்?” என்று முதலாளி கேட்டால், அக்கவுண்டன்ட் சொல்ல வேண்டிய பதில் இரண்டே வரி.

முதல் வரி, விற்பனை விலை மாறுபாடு. கிரைண்டருக்கு 300 ரூபாய் குறைத்தோம், விற்றது 1,200. பெருக்கினால் 3,60,000 ரூபாய் பாதகம். விலையில் விட்ட ரூபாய் முழுசாக லாபத்திலிருந்துதான் போகிறது. விலையைக் குறைத்தோம் என்பதற்காக மோட்டார்க்காரரோ கல்காரரோ தன் விலையைக் குறைக்கப்போவதில்லை.

இரண்டாவது வரி, விற்பனை அளவு மாறுபாடு. கூடுதலாகப் போனது 200 கிரைண்டர். இதை எந்த எண்ணால் பெருக்குவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். 4,500-ஆல் பெருக்கினால் 9 லட்சம் வரும், மனசுக்குக் குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் அது விற்பனைத் தொகை ஏன் கூடியது என்பதற்கான பதில். லாபம் ஏன் மாறியது என்று கேட்டால், அந்த 200 கிரைண்டரையும் செய்யவே தலைக்கு 3,300 செலவானதைக் கழிக்க வேண்டும். எனவே பெருக்க வேண்டிய எண் பட்ஜெட் பங்களிப்பான 1,200. விடை 2,40,000 ரூபாய் சாதகம்.

3,60,000 பாதகம், 2,40,000 சாதகம். நிகரம் 1,20,000 பாதகம். பட்ஜெட் லாபம் 5 லட்சத்தில் அதைக் கழித்தால் 3,80,000. பைசா பிசகாமல் நிற்கிறது. செலவுகள் பட்ஜெட்டில் போட்டபடியே இருந்ததால் இரண்டு வரியில் முடிந்தது. கல் விலையோ கூலியோ ஏறியிருந்தால் அதற்குத் தனி வரி வந்திருக்கும்.

இங்கே ஒரு சின்ன வழக்கு வரும். சேல்ஸ் மேனேஜர் சொல்வார்: “விலைக் குறைப்பை ஏன் சார் 1,200 கிரைண்டருக்கும் போடுறீங்க? பட்ஜெட்ல இருந்தது ஆயிரம்தானே? கூடுதல் 200 தள்ளுபடி இல்லாம வந்திருக்கவே வந்திருக்காது.” நியாயமான கேள்வி. 300-ஐ 200-ஆல் பெருக்கினால் வரும் அந்த 60,000 ரூபாய், விலையும் அளவும் சேர்ந்து பெற்ற பிள்ளை. அதை விலைக் கணக்கில் வைப்பது மரபு, அவ்வளவே. இயற்கைச் சட்டம் ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால், அந்த 60,000-க்காகச் சண்டை போடுவதைவிட, இரண்டு வரியையும் ஒரே முடிவின் இரு பக்கங்களாகப் பார்ப்பது மேல். விலை மாறுபாட்டுக்கு ஒருவரைத் திட்டி, அளவு மாறுபாட்டுக்கு அவரையே பாராட்டுவதில் பொருள் இல்லை.

இந்தக் கணக்கைத் தள்ளுபடிக்கு முன்பே போட்டிருந்தால்? விலை 4,200 ஆனால் பங்களிப்பு 900. பழைய 12 லட்சத்தை எட்ட 1,334 கிரைண்டர் விற்றாக வேண்டும். விலையைக் குறைத்தது ஏழு சதவீதத்துக்கும் கீழே. அதை ஈடுகட்ட விற்பனை மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். டீலரிடம் சரி என்று தலையாட்டும் முன் கேட்டிருக்க வேண்டிய எண் இதுதான்.

பட்டறையில் இரண்டு மாடல் இருந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. பெரிய மாடல் 6,000 ரூபாய், பங்களிப்பு 1,800. சின்னது 3,500, பங்களிப்பு 800. பட்ஜெட்டில் பெரியது 400, சின்னது 600. சராசரி போட்டுப் பாருங்கள், அதே 4,500 விலை, அதே 1,200 பங்களிப்பு. இப்போது யாரும் ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி தராமல் பெரியது 300-ம் சின்னது 900-மாக விற்றன என்று வைப்போம். சராசரி விலை 4,125-க்கு இறங்கிவிடும். சராசரியை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர் 4,50,000 ரூபாய் விலை மாறுபாடு பாதகம் என்று எழுதி, விலையைக் குறைத்தது யார் என்று விசாரணை வைப்பார். குறைத்தவர் யாருமில்லை. மக்கள் சின்னதை வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கூடவே சராசரி உற்பத்திச் செலவும் இறங்குவதால், பட்டறை மேஸ்திரிக்குச் செலவைக் குறைத்தார் என்ற போலிப் பாராட்டும் கிடைக்கும்.

மாடல் வாரியாகப் பிரித்தால் விலை மாறுபாடு சுத்தமாகப் பூஜ்யம். 200 கூடுதலாகப் போனதால் 2,40,000 சாதகம். பெரியதிலிருந்து சின்னதுக்குக் கலவை மாறியதால் 1,80,000 பாதகம். மிச்சம் 60,000 சாதகம். விலைப் பட்டியலில் மாற்றமே இல்லாதபோது விலை மாறுபாடு தலைகாட்டினால், சந்தேகப்பட வேண்டியது சேல்ஸ்மேனை அல்ல, சராசரியை.

டீலருக்கான கழிவு கிரெடிட் நோட்டாக அடுத்த மாதம் வந்து சேர்வதும் உண்டு. பில்லில் 4,500 என்றே இருக்கும், விலை மாறுபாடு இல்லாததுபோலத் தெரியும். எந்த மாதத்து விற்பனைக்கான கழிவோ அந்த மாதத்தில் ஏற்றினால்தான் உண்மை விலை தெரியும்.

ஆடிக்குத் திரும்புவோம். 1,20,000 ரூபாய் போனது போகட்டும், 200 புது வாடிக்கையாளர் கிடைத்தார்களே என்று முதலாளி மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஆவணியில் விலை மறுபடி 4,500. பட்ஜெட் 1,000, விற்றது 850. விலை மாறுபாடு இல்லை; அளவு மாறுபாடு 150 பெருக்கல் 1,200, அதாவது 1,80,000 பாதகம். ‘சந்தை மந்தம்’ என்று சேல்ஸ் மேனேஜர் குறிப்பு எழுதுவார். அக்கவுண்டன்ட் டீலர்களுக்குப் போன் போட்டு, கடையில் எத்தனை பெட்டி இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது என்று கேட்பார். ஆடியில் மலிவாக வாங்கி அடுக்கியதைத்தான் ஆவணியில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியவந்தால், ஆவணியின் 1,80,000-ம் ஆடிக் கணக்கில்தான் சேரும். அந்தத் தள்ளுபடியின் உண்மை விலை அப்போது 3 லட்சம்.