எதற்கு இணை எது?

அரசு வேலைக்குத் தயாராகிறவர்கள் எழுதும் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலப் பகுதிக்கு 25 கேள்விகள் உண்டு. சரியான விடைக்கு 2 மதிப்பெண். தவறாக எழுதினால் அரை மதிப்பெண் கழியும். அந்தக் கேள்விகளில் ஒரு வகை ‘சென்டன்ஸ் இம்ப்ரூவ்மென்ட்’. ஒரு வாக்கியம் தந்து அதில் ஒரு பகுதியை அடிக்கோடிட்டிருப்பார்கள். அந்த இடத்தில் எதைப் போட்டால் வாக்கியம் சரியாகும் என்று நான்கு விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். வாக்கியம் முதலிலேயே சரியாக இருந்தால், ‘மாற்றம் தேவையில்லை’ என்பதே விடை.

இந்த வகையில் அடிக்கடி வரும் பிழை, இணையாக நிற்க வேண்டியவை இணையாக நிற்காமல் போவது. பயிற்சி வகுப்புகளில் இதைப் ‘பேரலலிசம்’ என்பார்கள். பிழை இரண்டு இடங்களில் வரும். ஒன்று பட்டியல், மற்றொன்று ஒப்பீடு. தமிழ் பேசுகிறவர்களுக்கு முதலாவது எளிதில் பிடிபடும். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாமல் நழுவும். அதற்குக் காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது.

முதலில் பட்டியல். உரக்கப் படித்துப் பார்க்க வசதியாக ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

“த டாக்டர் அட்வைஸ்ட் ஹிம் டு வாக் டெய்லி, ஈட் லெஸ் சால்ட் அண்ட் ஸ்லீப்பிங் எர்லி.”

தினமும் நடக்கவும், உப்பைக் குறைக்கவும், சீக்கிரம் தூங்கவும் மருத்துவர் சொன்னார் என்பது கருத்து. அடிக்கோடு ‘ஸ்லீப்பிங் எர்லி’ என்ற கடைசி இரு சொற்களின் கீழ் இருக்கிறது. விடைகள்: (அ) டு ஸ்லீப் எர்லி (ஆ) ஸ்லீப் எர்லி (இ) தட் ஹி ஸ்லீப்ஸ் எர்லி (ஈ) மாற்றம் தேவையில்லை.

முதலில் ‘அண்ட்’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு வலப்புறம் இருப்பது பட்டியலின் கடைசி உறுப்பு. பிறகு இடப்புறம் திரும்பி மற்ற உறுப்புகளைத் தேடுங்கள். இங்கே அவை ‘வாக் டெய்லி’, ‘ஈட் லெஸ் சால்ட்’. இனி இந்த மூன்றுக்கும் பொதுவான முன்பகுதி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ‘ஈட்’ என்பதற்கு முன்னால் ‘டு’ இல்லை. அப்படியானால் ஒரு முறை சொன்ன ‘டு’வையே எல்லா உறுப்புகளும் பகிர்ந்துகொள்கின்றன. பொது முன்பகுதி ‘அட்வைஸ்ட் ஹிம் டு’ வரை நீள்கிறது.

அந்த முன்பகுதியை ஒவ்வோர் உறுப்போடும் தனித்தனியே சேர்த்துப் படியுங்கள். ‘டு வாக்’ பொருந்துகிறது. ‘டு ஈட்’ பொருந்துகிறது. ‘டு ஸ்லீப்பிங்’ பொருந்தவில்லை. ‘டு ஸ்லீப்’ என்பதே பொருந்தும். ஆனால் ‘டு’ ஏற்கெனவே முன்பகுதியில் இருப்பதால் விடை (ஆ). பலர் (அ)வைத் தேர்ந்தெடுப்பார்கள். கேட்பதற்கு அது நன்றாகவே இருக்கும். ஆனால் முதல் உறுப்புக்கும் மூன்றாம் உறுப்புக்கும் ‘டு’ இருந்து நடுவில் உள்ளதற்கு மட்டும் இல்லாமல் போகும். ஒன்று, ‘டு’ தலைப்பில் ஒரு முறை வர வேண்டும். இல்லையெனில், எல்லா உறுப்புகளிலும் வர வேண்டும். நடு உறுப்பு அடிக்கோட்டுக்கு வெளியே இருப்பதால் அதில் கை வைக்க முடியாது. எனவே அது எப்படி இருக்கிறதோ, கடைசி உறுப்பும் அப்படியே ஆக வேண்டும். அடிக்கோடில்லாத பகுதியே இங்கே அளவுகோல்.

இதே ஒழுங்கு தமிழில் நமக்கு இயல்பாக வருகிறது. ‘நடக்கவும் குறைக்கவும் தூங்கவும் சொன்னார்’ என்போம். ‘நடக்கவும் குறைக்கவும் தூங்குவதையும் சொன்னார்’ என்றால் இலக்கணம் படிக்காதவர் காதுக்கும் உறுத்தும். ஒவ்வோர் உறுப்பின் இறுதியிலும் வரும் ‘உம்’ நம்மை ஒரே வடிவத்துக்குப் பழக்கியிருக்கிறது. அந்தப் பழக்கம் ஆங்கிலப் பட்டியலிலும் கைகொடுக்கும்.

ஆனால் ஒரே வடிவம் என்றால் எல்லாச் சொல்லும் ஒரே ஓசையில் முடிய வேண்டும் என்று பொருளல்ல. “ஹிஸ் ஹாபீஸ் ஆர் மியூசிக், செஸ் அண்ட் கார்டனிங்” என்ற வாக்கியத்தில் கடைசிச் சொல் மட்டும் ‘இங்’ என்று முடிகிறது. ஆயினும் பிழை இல்லை, ஏனென்றால் மூன்றும் பெயர்ச்சொற்கள். வேறு வகை வாக்கியத்தையும் பாருங்கள்: “ஹி சேட் பை த விண்டோ, ரீடிங் எ லெட்டர்.” இங்கே ‘சேட்’, ‘ரீடிங்’ இரண்டும் பட்டியல் உறுப்புகள் அல்ல. அவன் உட்கார்ந்தான் என்பது முதன்மைச் செய்தி, கடிதம் படித்தபடி என்பது அதற்கு அடை. சமமாக நிற்காதவற்றைச் சமமாக்கத் தேவையில்லை.

‘நாட் ஒன்லி’, ‘பட் ஆல்ஸோ’ போன்ற ஜோடிகளில் இடம் முக்கியம். “ஹி நாட் ஒன்லி ஸ்பீக்ஸ் தமிழ் பட் ஆல்ஸோ தெலுகு” என்ற வாக்கியத்தில் ‘நாட் ஒன்லி’க்குப் பின் ‘ஸ்பீக்ஸ்’ என்ற வினை வருகிறது, ‘பட் ஆல்ஸோ’வுக்குப் பின் ஒரு மொழியின் பெயர் வருகிறது. இரண்டும் இணையவில்லை. எப்படித் திருத்துவது என்பதை அடிக்கோடு சொல்லும். முதல் பாதி அடிக்கோடிடப்பட்டிருந்தால், வினையை ஜோடிக்கு வெளியே எடுத்து ‘ஹி ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி தமிழ்’ என்று மாற்றலாம். பின்பாதி மட்டும் அடிக்கோடிடப்பட்டிருந்தால், ‘பட் ஆல்ஸோ ஸ்பீக்ஸ் தெலுகு’ என்பதே வழி.

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம். சறுக்கல் அதிகம் நடப்பது இங்கேதான்.

“த ரெயின்ஃபால் ஆஃப் சென்னை இஸ் ஹையர் ‘தேன்’ கோயம்புத்தூர்.”

‘சென்னையின் மழை கோவையைவிட அதிகம்’ என்று நாம் தமிழில் தாராளமாகப் பேசுகிறோம். யாரும் திருத்துவதில்லை. கோவை என்றால் கோவையின் மழை என்று கேட்பவர் புரிந்துகொள்கிறார். அந்தப் பழக்கத்தோடு ஆங்கில வாக்கியத்தைப் படிக்கும்போது எந்த உறுத்தலும் தோன்றாது. ‘மாற்றம் தேவையில்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். ஆனால் தேர்வு எதிர்பார்க்கும் ஆங்கிலம் இந்தச் சலுகையைத் தருவதில்லை. அந்த வாக்கியத்தில் ஒரு பக்கம் மழை, மறுபக்கம் ஒரு நகரம். மழையை மழையோடுதான் ஒப்பிட முடியும்.

எனவே பட்டியலில் ‘அண்ட்’ செய்த வேலையை இங்கே ‘தேன்’ செய்கிறது. அதைக் கண்டதும் வலப்புறம் இருப்பது என்ன, அதற்கு இணையாக இடப்புறம் இருப்பது என்ன என்று கேளுங்கள். இடப்புறம் ‘ரெயின்ஃபால்’. வலப்புறமும் அதுவே வர வேண்டும். அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லாமல் ஆங்கிலம் ‘தட்’ என்ற பதிலியை வைக்கிறது: ‘தேன் தட் ஆஃப் கோயம்புத்தூர்’. இடப்புறம் பன்மையாக இருந்தால் பதிலி ‘தோஸ்’ ஆகும்: “த ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் மதுரை ஆர் நேரோவர் ‘தேன்’ தோஸ் ஆஃப் சென்னை.” வினாத்தாள் தயாரிப்பவர்கள் ‘தட் ஆஃப்’, ‘தோஸ் ஆஃப்’ இரண்டையும் விடைகளில் வைப்பார்கள். எதற்குப் பதிலி என்று பார்த்தால்தான் ஒருமையா பன்மையா என்று முடிவு செய்ய முடியும். ரெயின்ஃபால் ஒருமை, ஸ்ட்ரீட்ஸ் பன்மை.

ஒருவருக்கு உரியதை ஒப்பிடும்போது வேறொரு வழியும் உண்டு. “ஹெர் வாய்ஸ் இஸ் ஸ்வீட்டர் ‘தேன்’ ஹெர் சிஸ்டர்” என்றால் குரலுக்கும் ஆளுக்கும் ஒப்பீடு ஆகிவிடும். ‘ஹெர் சிஸ்டர்ஸ்’ என்று உடைமைக் குறியோடு சொன்னால் ‘அக்காவினுடையது’ என்று பொருள் வந்துவிடும். ‘தட் ஆஃப் ஹெர் சிஸ்டர்’ என்றாலும் சரி. இரண்டையும் கலந்து ‘தட் ஆஃப் ஹெர் சிஸ்டர்ஸ்’ என்று உடைமைக் குறி போட்டுத் தந்திருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும். உரிமையை ஒரு முறை சொன்னால் போதும்.

இந்த விதியைக் கற்றுக்கொண்டவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. ‘தேன்’ என்று பார்த்ததுமே ‘தட் ஆஃப்’ தேடத் தொடங்குவார்கள். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: “சென்னை கெட்ஸ் மோர் ரெயின் ‘தேன்’ கோயம்புத்தூர்.” முன்னதைப் போலவே தோன்றினாலும் இதில் பிழை இல்லை. இங்கே ஒப்பிடப்படுவது மழை பெறும் இரண்டு நகரங்கள். சென்னை பெறுகிறது, கோவையும் பெறுகிறது. எது அதிகம் பெறுகிறது என்பதே கேள்வி. நகரத்துக்கு நகரம் இணையாகிவிட்டது. இங்கே ‘தட் ஆஃப்’ சேர்த்தால் சரியாக இருந்த வாக்கியம் பிழையாகும். சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை கோவையில் பெய்வதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அந்த ஒரே உண்மையை இரண்டு வாக்கியங்களும் சொல்ல முயல்கின்றன. எழுவாயாக மழை நிற்கிறதா, நகரம் நிற்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் ஒன்றுக்குத் திருத்தம் தேவைப்படுகிறது, மற்றொன்றுக்குத் தேவைப்படவில்லை. எனவே ‘தேன்’ என்ற சொல்லை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், வாக்கியம் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கடைசியாக, இணையைத் தேடுகிறவரையே ஏமாற்றும் ஒரு கேள்வி.

“த கமிட்டி டிசைடட் டு ரிப்பேர் த ரோட், பிளான்ட் ட்ரீஸ் அண்ட் பில்டிங் எ டிரெயின்.”

சாலையைச் செப்பனிடவும், மரம் நடவும், வடிகால் கட்டவும் குழு முடிவு செய்தது. அடிக்கோடு ‘பில்டிங்’ என்ற சொல்லில். விடைகளில் ‘பில்ட்’ என்ற மூலவினையும் இருக்கிறது, ‘கட்டியது’ என்று பொருள்படும் இறந்தகால வடிவமான ‘பில்ட்ட்’ என்பதும் இருக்கிறது. ‘டிசைடட்’ இறந்தகாலம் ஆயிற்றே, அதற்கு இணையாக இதுவும் இறந்தகாலத்தில் இருக்கட்டும் என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் குழு வடிகாலை ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டதாக ஆகிவிடும். அதோடு, செப்பனிடுவதும் மரம் நடுவதும் தங்களுக்குள் ‘அண்ட்’ இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். வடிகால் கட்டுவது முடிவின் ஒரு பகுதி. எனவே அது ‘ரிப்பேர்’, ‘பிளான்ட்’ இரண்டோடும் சேர்ந்து ‘டு’வின் கீழ் வர வேண்டும். விடை மூலவினையான ‘பில்ட்’.

வடிவத்தை மட்டும் பார்த்தால் இரண்டு விடைகளுக்கும் ஆளுக்கோர் இணை கிடைத்துவிடுகிறது. எது சரியான இணை என்பதைப் பொருள்தான் தீர்மானிக்கிறது. அதனால் விடையைக் குறிக்கும் முன் அதை வாக்கியத்தில் வைத்து முழுவதும் ஒரு முறை படியுங்கள். குழு என்ன முடிவு செய்தது, எது எதைவிட அதிகம், யார் என்ன செய்யச் சொன்னார் என்று உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். அந்தப் பதில் வாக்கியம் சொல்லவந்த செய்தியோடு ஒத்துப்போனால், இணை சரியான இடத்தில் அமைந்திருக்கிறது.