கணினிப் பெட்டிக்கும் பூட்டு

பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு லோரி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சம்பளக் கணக்கெல்லாம் கணினியில் இருக்கிறது. அதைத் திறக்கும் கடவுச்சொல்லுக்கு நாம் மூன்று விதிகள் வகுப்போம்.

முதலாவது, தவறான சொல்லைத் தொடர்ந்து 10 முறை தட்டினால், அந்தக் கணக்கு 15 நிமிடம் பூட்டிக்கொள்ள வேண்டும். நிரந்தரமாகப் பூட்டினாலோ, வேண்டாதவர் ஒருவர் வேண்டுமென்றே தவறாகத் தட்டி, சம்பள நாளன்று கிராணியின் வேலையை முடக்கிவிடலாம்.

திருடன் ஒவ்வொருவர் கணக்கிலும் 123456, password என ஓரிரு முறை மட்டும் முயன்றால் இந்தப் பூட்டு விழாது. ஆகவே இரண்டாவது விதி: இத்தகைய சொற்களையும் நிறுவனத்தின் பெயரையும் கணினியே ஏற்க மறுக்க வேண்டும்.

மூன்றாவது நீளம். கடவுச்சொற்களை மறைத்து வைத்திருக்கும் கோப்பே களவு போனால், திருடன் தன் கணினியில் கோடிக்கணக்கான முறை ஊகித்துப் பார்ப்பான். அங்கே நம் பூட்டு இல்லை; நீளம்தான் காவல். சிறிய ஆங்கில எழுத்துகளே ஆனாலும், ஓர் எழுத்து கூடினால் சேர்க்கைகள் 26 மடங்காகும். எனவே 15 எழுத்துக்குக் குறையாமல் கேட்போம். குடை, வாழை, மணி, ஆறு என்று தொடர்பில்லாத சொற்களைக் கோத்தால் kudaivazhaimaniaaru, நினைவில் நிற்கும். ஆனால் நாம் இங்கே சொல்லிவிட்ட இதையே வைத்துவிடாதீர்கள்!