முன்பணமும் தொடங்கும் தேதியும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு, கல்லூரி விழாவுக்காக 300 டி-ஷர்ட் ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 220 ரூபாய், மொத்தம் 66,000. கேட்ட நிறத்தில் சாயமேற்றி, கல்லூரியின் பெயரையும் அச்சடித்துவிட்டால் அந்தச் சரக்கு வேறு யாருக்கும் விலைபோகாது. அதனால் பாதி, அதாவது 33,000 ரூபாய் முன்பணம் கேட்பது நியாயம்தான்.

தேதி சொல்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "திங்கட்கிழமை ஆரம்பிக்கிறோம்" என்று மட்டும் சொன்னால், பணம் வியாழக்கிழமை வந்தாலும் வாடிக்கையாளர் பழைய டெலிவரி தேதியையே பிடித்துக்கொள்வார். வாட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்: "சார், முன்பணமும் சாம்பிளுக்கு உங்கள் ஒப்புதலும் வெள்ளி மாலைக்குள் வந்தால், திங்களன்று துணி சாயத்துக்குப் போகும். தாமதமானால் டெலிவரியும் அத்தனை நாள் தள்ளிப்போகும்."

பணம் வந்ததும் ரசீதோடு தேதியை மறுபடி உறுதிசெய்யுங்கள். சாயமேறிய பிறகு ஆர்டரை ரத்துசெய்தால் முன்பணம் திரும்பாது என்பதை, பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.